விடுபட்டவர்கள் யார் என்று எழுதுங்கள்

முதுகலை மாணவர்கள் ஆய்வேட்டை பைண்டிங்குக்குக் கொடுக்கும் மாதத்தில் கல்லூரிகளில் ஓர் அறிவுரை தவறாமல் காதில் விழும். "மாதிரியை எப்படி எடுத்தாய் என்று ரொம்ப விளக்காதே. குறையை நீயே எழுதிக் கொடுத்தால் வைவாவில் அதையே பிடித்துக்கொள்வார்கள்." இதைக் கேட்ட மாணவர் இரண்டில் ஒன்றைச் செய்வார். கையில் கிடைத்தவர்களிடம் கேட்டு வாங்கிய பதில்களை, 'எளிய சமவாய்ப்பு முறையில் 120 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டனர்' என்று மூன்றாம் இயலில் எழுதிவிடுவார். அதற்கு மனம் ஒப்பாதவர் கடைசி இயலில் மூன்று வரி போடுவார்: காலம் போதவில்லை, மாதிரி சிறியது, முடிவுகளைப் பொதுமைப்படுத்த இயலாது. அந்த மூன்று வரியும் பெரும்பாலும் சீனியரின் ஆய்வேட்டிலிருந்து வந்தவை. சீனியருக்கு அவருடைய சீனியர் கொடுத்தது.

முதலாவது பொய், இரண்டாவது அடக்கம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரண்டுமே மறைப்பு வேலைதான். மூன்று வரி மன்னிப்பு எந்த ஆய்வுக்கும் பொருந்தும் என்பதாலேயே இந்த ஆய்வைப் பற்றி அது எதையும் சொல்வதில்லை. இரண்டுக்கும் அடியில் இருக்கும் நம்பிக்கையும் ஒன்றே: குறையைத் தெளிவாகச் சொன்னால் ஆய்வு விழுந்துவிடும். நான் மறுக்க வருவது அந்த நம்பிக்கையைத்தான். வசதி மாதிரியின் குறைக்குப் பெரும்பாலும் ஒரு திசை உண்டு. எந்தப் பக்கம் சாய்கிறது என்று சொல்லிவிட்டால், சில முடிவுகள் முன்பைவிட உறுதியாக நிற்கும். சில முடிவுகளைக் கைவிட வேண்டியிருக்கும். எது எது என்று பிரித்துச் சொல்வதுதான் வரம்புகள் பகுதியின் வேலை.

ஒரு ஆய்வை எடுத்து உள்ளே போய்ப் பார்ப்போம். கற்பனை ஆய்வுதான். ஆனால் இந்த அச்சில் வார்த்தவை தமிழ்நாட்டு நர்சிங் கல்லூரி நூலகங்களில் வரிசையாக இருக்கின்றன. எம்.எஸ்சி. நர்சிங் மாணவி ஒருவர், சர்க்கரை நோயாளிகள் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா என்று பார்க்கிறார். தரவு சேகரிக்க அவருக்கு ஆறு வாரம். இடம், ஒரு மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையின் தொற்றா நோய்ப் பிரிவு. ஓ.பி. சீட்டு வாங்கி மருந்து வரிசையில் நிற்பவர்களிடம் போய்ப் பேசுகிறார். 138 பேரை அணுகுகிறார். 18 பேர் 'பஸ்ஸுக்கு நேரமாச்சும்மா' என்று நகர்ந்துவிடுகிறார்கள். மீதி 120 பேரில் 54 பேர் கடந்த ஏழு நாளில் ஒரு வேளையாவது மாத்திரையை விட்டிருக்கிறார்கள். அதாவது 45 சதவீதம்.

வழக்கமான அறிவுரைப்படி போனால் இந்த மாணவி அடுத்து தாரோ யமானேயின் சூத்திரத்தைத் தேடுவார்.

```
n = N / (1 + N × e²)
```

மாவட்டத்தில் 50,000 சர்க்கரை நோயாளிகள் என்று N-க்கு ஓர் எண்ணையும், e-க்கு 0.05-ஐயும் போட்டால் n = 397 என்று வரும். அத்தனை பேரைப் பிடிக்க முடியாது, 120-தான் முடிந்தது, ஆகவே 'மாதிரியின் அளவு சிறிது' என்று வரம்புகளில் ஒரு வரி. கேட்க நேர்மையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த 397-க்கு அர்த்தம் வருவது, 50,000 பேரின் பட்டியலும் கையில் இருந்து, அதிலிருந்து குலுக்கல் முறையில் பெயர் எடுத்தால் மட்டுமே. மருந்து வரிசையில் நிற்பவர்களில் 397 பேரிடம் கேட்டாலும், 4,000 பேரிடம் கேட்டாலும், வரிசைக்கே வராதவர் வராதவர்தான். அமெரிக்காவின் 'லிட்டரரி டைஜஸ்ட்' பத்திரிகை 1936 தேர்தலுக்கு முன் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பதில் அட்டைகளை எண்ணிப் பார்த்து, ஆல்ஃபிரட் லாண்டன் ஜெயிப்பார் என்று சொன்னது. ஜெயித்தவர் ரூஸ்வெல்ட். லாண்டனுக்குக் கிடைத்தவை இரண்டே மாநிலங்கள். எண்ணிக்கை கூடினால் சாய்வு குறையும் என்று இன்னமும் நம்புகிறவர்களுக்கு அந்தக் கதை ஒன்றே போதும். வசதி மாதிரி எடுத்துவிட்டு, மாதிரி சிறியது என்று வருந்துவது தவறான இடத்தில் போடும் கும்பிடு.

'சமவாய்ப்பு' என்று எழுதித் தப்பிக்கலாம் என்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. விவரம் தெரிந்த தேர்வாளர் அதைக் கண்டுபிடிக்க ஒரு நிமிடம் கூட ஆகாது. "எந்தப் பட்டியலிலிருந்து எடுத்தீர்கள்?" என்பார். பட்டியல் இருக்காது. "தேர்ந்தெடுத்தவர்களில் எத்தனை பேர் கிடைக்கவில்லை?" என்பார். ஆய்வேட்டில் 120 கொடுத்து 120-ம் திரும்பி வந்ததாக இருக்கும். பெயரைக் குலுக்கி எடுத்து, ஆளைத் தேடிப் போன ஆய்வில் ஒருவர்கூட ஊருக்குப் போயிருக்கவில்லை, ஒருவர்கூட மறுக்கவில்லை என்றால் அதை யார் நம்புவார்? அதற்குப் பிறகு அந்த மாணவி சொல்லும் எந்த எண்ணையும் தேர்வாளர் நம்ப வேண்டியதில்லை. வசதி மாதிரி என்ற உண்மை ஆய்வைச் சாய்த்திருக்காது. இந்தப் பொய் சாய்த்துவிடும்.

சரி, உண்மையை எப்படி எழுதுவது? தொடங்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். இந்த வரிசையில் இல்லாதவர்கள் யார்?

முதலில், மறுத்த 18 பேர். இவர்களை மாணவி கண்ணால் பார்த்திருக்கிறார். நோட்டில் ஒரு கோடு போட்டு, ஆணா பெண்ணா, சுமாராக என்ன வயது, என்ன காரணம் சொன்னார் என்று மட்டும் குறித்திருந்தால் போதும். பெயர் வேண்டாம். இப்படிக் குறிக்கப்போவதை நெறிமுறைக் குழு விண்ணப்பத்திலேயே சொல்லிவிடுவது நல்லது. இந்த 18 பேரால் 45 சதவீதம் எவ்வளவு ஆடும் என்று மனக்கணக்காகவே போடலாம். 18 பேருமே மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறவர்கள் என்று வைத்துக்கொண்டால் 138-இல் 54, அதாவது 39 சதவீதம். 18 பேருமே விடுகிறவர்கள் என்றால் 138-இல் 72, அதாவது 52 சதவீதம். உண்மை எதுவானாலும், அணுகிய 138 பேரைப் பொறுத்தவரை இந்த இரண்டுக்கும் நடுவில்தான். மறுத்தவர்களால் முடிவு தலைகீழாகாது என்று இப்போது ஆதாரத்தோடு சொல்ல முடிகிறது. 18 என்ற எண்ணை ஒளித்திருந்தால் இந்த ஒரு வரியை எழுதியிருக்கவே முடியாது.

இரண்டாவது வகையினர்தான் முக்கியம்: மருத்துவமனைக்கே வராதவர்களும் ஒழுங்காக வராதவர்களும். இவர்களும் ஒரே மாதிரியானவர்கள் அல்ல. சர்க்கரை இருக்கிறது என்று தெரிந்தும் மருந்தையே நிறுத்திவிட்டவர் ஒருவர். மாதாந்திர மாத்திரை வாங்க வரும் ஒரு காலைப்பொழுதுக்கு ஒரு நாள் கூலி போகுமே என்று இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிறவர் ஒருவர். தனியார் மருத்துவரிடம் போய்விட்டவர் ஒருவர். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டு வாசலிலேயே மாத்திரை வாங்கிக்கொள்கிறவர் ஒருவர். நடக்க முடியாமல், மகனை அனுப்பி வாங்கிக்கொள்ளும் பாட்டி ஒருவர்.

இவர்களில் முதல் இருவரும் மாத்திரையை விடுகிறவர்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை. மருந்து வாங்க ஒழுங்காக வராதவர் அதை ஒழுங்காகச் சாப்பிட வழியில்லை. இந்த இருவரையும் சேர்த்து எண்ணினால் 45 சதவீதம் கூடும், குறையாது. தனியாரிடம் போனவரும் வீட்டில் வாங்குகிறவரும் பாட்டியும் எந்தப் பக்கம் என்று ஊகித்துச் சொல்ல முடியாது. ஆகவே மாணவி தன் ஆய்வின் எல்லையை இப்படி வரையலாம்: அரசு மருத்துவமனையில் நேரில் மருந்து வாங்க வேண்டியிருக்கும் நோயாளிகள். அந்த எல்லைக்குள் குறையின் திசை தெளிவு. வரிசையில் நிற்பவர்கள்தான் இருப்பவர்களில் அக்கறை உள்ளவர்கள். அவர்களிடமே 45 சதவீதம் என்றால் உண்மை நிலை இதைவிட மோசமாகத்தான் இருக்கும். கேட்ட முறையும் அதே பக்கம்தான் சாய்கிறது. வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு மருத்துவமனைக்குள் வைத்துக் கேட்கும்போது, விட்டதைச் சொல்லத் தயங்குகிறவர்தான் அதிகம். விடாததை விட்டேன் என்று சொல்கிறவர் அரிது.

கவனியுங்கள். குறையைச் சொன்னதும் முடிவு பலவீனப்படவில்லை. 'சர்க்கரை நோயாளிகளில் 45 சதவீதம் பேர் மாத்திரையை விடுகிறார்கள்' என்பது நிற்காத வாக்கியம். 'மருத்துவமனைக்கு வரும் அக்கறை உள்ளவர்களிலேயே 45 சதவீதம் பேர் விடுகிறார்கள். வராதவர்களையும் சேர்த்தால் இது கூடவே வாய்ப்பு' என்பது நிற்கும் வாக்கியம். மாத்திரை ஒழுங்கு பெரும் பிரச்சினை என்று வாதிட வந்த ஆய்வுக்கு எது பலம்?

இங்கே ஒரு எச்சரிக்கையும் வேண்டும். குறை எப்போதும் நமக்குச் சாதகமாகவே சாயும் என்று நினைத்துவிடக் கூடாது. இதே மாணவி எதிர்மாறாக, 'நம் நோயாளிகளில் 55 சதவீதம் பேர் ஒழுங்காகச் சாப்பிடுகிறார்கள், நிலைமை பரவாயில்லை' என்று முடிவெழுதியிருந்தால் அதே சாய்வு அந்த முடிவைக் கவிழ்த்திருக்கும். தரவு ஒன்றுதான், குறையும் ஒன்றுதான். ஒரு முடிவைத் தாங்குகிறது, இன்னொன்றைக் கவிழ்க்கிறது. 'பொதுமைப்படுத்த இயலாது' என்ற ஒற்றை வரியால் இந்த வேறுபாட்டைச் சொல்லவே முடியாது என்பதுதான் அந்த வரியின் மீது எனக்குள்ள புகார்.

இப்போது கைவிட வேண்டிய முடிவுக்கு வருவோம். நான்காம் இயலில் ஒரு கை-வர்க்க அட்டவணை கட்டாயம் இருக்கும்: தொழிலுக்கும் மாத்திரை ஒழுங்குக்கும் தொடர்பு உண்டா? கூலி வேலைக்குப் போகிறவர்களுக்கும் வீட்டில் இருப்பவர்களுக்கும் வித்தியாசமில்லை என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இதை எழுதலாமா? எழுதக் கூடாது. வீட்டில் இருக்கும் ஒருவர் மருத்துவமனைக்கு வர இழப்பது ஒரு காலை நேரம். கூலிக்காரர் இழப்பது ஒரு நாள் சம்பளம். அந்தச் சம்பளத்தை விட்டுவிட்டு வந்து நிற்கிற கூலிக்காரர், கூலிக்காரர்களிலேயே உடம்பைப் பற்றி அதிகம் கவலைப்படுகிறவர். கவலைப்படாத கூலிக்காரர் அன்று கட்டட வேலையில் இருக்கிறார், வரிசையில் இல்லை. ஆகவே வரிசைக்குள் மட்டும் பார்த்தால் இரண்டு கூட்டமும் ஒன்றுபோலத் தெரியும். வெளியே பெரிய வித்தியாசம் இருந்தாலும் உள்ளே தெரியாது. மருத்துவமனைக்கு வந்தவர்களை மட்டும் வைத்துத் தொடர்புகளைப் பார்த்தால் இப்படி இல்லாதது தெரியலாம், இருப்பது மறையலாம் என்று ஜோசப் பெர்க்சன் 1946-லேயே எழுதிவிட்டார்.

ஒரு நாளைக்கு எத்தனை மாத்திரை என்பதற்கும் விடுவதற்கும் உள்ள தொடர்பு இவ்வளவு மோசமான நிலையில் இல்லை. வரிசைக்கு வருவதை மாத்திரை எண்ணிக்கை அந்த அளவுக்குத் தீர்மானிப்பதில்லை. நோய் முற்றியவர் அடிக்கடி வருவார், அவருக்கு மாத்திரையும் கூடுதலாக இருக்கும் என்பதால் முழுக்கத் தூயதும் அல்ல. எச்சரிக்கையோடு வைத்துக்கொள்ளலாம். தொழில் பற்றிய அட்டவணையை ஆய்வேட்டில் விடலாம், அதன் மேல் முடிவு கட்டக் கூடாது. ஏன் கட்டவில்லை என்று இரண்டு வரி எழுதினால் போதும். அந்த இரண்டு வரிக்காகவே நான் அந்த மாணவிக்கு மதிப்பெண் கூட்டுவேன்.

"இதெல்லாம் சரி, தேர்வாளர் ஒத்துக்கொள்வாரா?" என்று நெறியாளர்கள் கேட்பார்கள். உலகமே ஒத்துக்கொண்ட ஓர் உதாரணம் இருக்கிறது. ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்ட் ஹில்லும் 1950-இல் புகைபிடித்தலையும் நுரையீரல் புற்றுநோயையும் பற்றி பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதிய கட்டுரை அது. லண்டன் மருத்துவமனைகளில் படுத்திருந்த 709 நுரையீரல் புற்றுநோயாளிகள், ஒப்பிட வேறு நோய்க்காக வந்திருந்த 709 பேர். நாட்டு மக்களிலிருந்து குலுக்கி எடுத்தவர்கள் யாரும் இல்லை. இதைவிடப் பெரிய ஓட்டையும் இருந்தது. கேள்வி கேட்டவர்களுக்கு யாருக்கு என்ன நோய் என்று பெரும்பாலும் தெரியும். புற்றுநோயாளி என்று தெரிந்ததும் புகைப் பழக்கத்தைத் துருவித் துருவிக் கேட்டிருக்கலாமே?

அவர்கள் அந்த ஓட்டையை மறைக்கவில்லை. 'கேட்பவரின் சாய்வு இருக்கலாம்' என்று ஒரு வரி எழுதிவிட்டு நகரவும் இல்லை. பேட்டியின்போது நுரையீரல் புற்றுநோய் என்று கருதப்பட்டு, பிறகு அது இல்லை என்று தெரியவந்தவர்கள் சிலர் இருந்தார்கள். கேட்டவர்கள் அவர்களையும் புற்றுநோயாளி என்று நினைத்துத்தான் கேட்டார்கள். சாய்வு இருந்தால் அவர்களும் பெரும் புகைப் பிரியர்களாகத் தெரிந்திருக்க வேண்டும். அப்படித் தெரியவில்லை. அவர்களுடைய பழக்கம் ஒப்பீட்டுக்கு எடுத்தவர்களுடைய பழக்கத்தைப் போலவே இருந்தது. குறைக்குப் பெயர் சொல்லி, அது உண்மையானால் தரவில் என்ன தெரியும் என்று யோசித்து, தெரிகிறதா என்று பார்த்தார்கள். அந்தக் கட்டுரை பிழைத்ததற்கு ஓட்டையை மறைத்தது காரணமில்லை.

நம் மாணவியும் சின்ன அளவில் இதைச் செய்யலாம். அந்த மாதம் தொற்றா நோய்ப் பதிவேட்டில் இருப்பவர்களின் ஆண் பெண் விகிதம், வயது இரண்டையும் கண்காணிப்பாளரின் அனுமதியோடு எடுத்து, தன் 120 பேரோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். பதிவேட்டில் ஆண்கள் பாதி இருக்க, தன்னிடம் மூன்றில் ஒரு பங்குதான் என்றால் அதைச் சொல்லி, ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியாகச் சதவீதம் போட்டுக் காட்டலாம். தரவு சேகரிக்கும்போதே செய்யக் கூடியது இன்னும் எளிது. முகம் பார்த்து, பேசுவார் போலிருக்கிறவரிடம் போகாமல், வரிசையில் ஒவ்வொரு மூன்றாவது ஆளிடமும் போவது. காலை எட்டு மணி வரிசையோடு நிறுத்திக்கொள்ளாமல் பதினொரு மணி வரிசையிலும் நிற்பது. இதற்கு ஆறு வாரத்தில் ஒரு நாள் கூடக் கூடுதலாகத் தேவையில்லை. இதைச் செய்தாலும் அது மாவட்டத்தின் மாதிரி ஆகிவிடாது. ஆனால் அந்த வரிசையின் நல்ல மாதிரி ஆகும்.

எதிர்முனையில் நிற்பவர்களையும் விட்டுவிடக் கூடாது. சமவாய்ப்பு இல்லையென்றால் ஆய்வே இல்லை என்று வைவாவில் மேசையைத் தட்டுகிறவர்கள் உண்டு. ஒரு மாணவி ஆறு வாரத்தில், சொந்தக் காசில், மாவட்டம் முழுவதற்குமான நோயாளிப் பட்டியலை எங்கிருந்து கொண்டுவருவாள்? பட்டியலுக்கு வழியில்லாத இடத்தில் சமவாய்ப்பு கேட்டால், கிடைப்பது சமவாய்ப்பு என்ற சொல் மட்டும்தான். மூன்றாம் இயல் பொய்களில் பாதிக்கு இந்தக் கண்டிப்புதான் பெற்றோர் என்பேன். 'மாத்திரை விடுகிறவர் இந்த மாவட்டத்தில் எத்தனை சதவீதம்' என்ற கேள்விக்கு அவர்கள் கேட்பது நியாயம், அதற்கு வசதி மாதிரி உதவாது. 'வருகிறவர்கள் ஏன் விடுகிறார்கள், விட்டால் எந்த வேளையை விடுகிறார்கள்' என்ற கேள்விக்கு வரிசையில் நிற்பவரை விட்டால் வேறு யாரிடம் போவது?

வரம்புகள் பகுதி எப்படி இருக்கலாம் என்பதற்கு ஒரு வரைவு:

'அரசு மருத்துவமனைத் தொற்றா நோய்ப் பிரிவின் மருந்து வரிசையில் நின்றவர்களிடம் வசதி மாதிரி முறையில் தரவு பெறப்பட்டது. அணுகிய 138 பேரில் 18 பேர் மறுத்தனர். அவர்கள் அனைவரும் ஒரே விதமாகப் பதில் சொல்லியிருந்தாலும் மாத்திரை விடுவோர் விகிதம் 39 முதல் 52 சதவீதத்துக்குள் இருக்கும். மருந்தை நிறுத்திவிட்டவர்கள் மாதிரியில் இல்லை, ஒழுங்காக வராதவர்கள் குறைவாகவே இருக்க வாய்ப்பு. ஆகவே 45 சதவீதம் என்பது உண்மையைவிடக் குறைவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். வீட்டிலேயே மருந்து பெறுவோருக்கும் தனியாரிடம் செல்வோருக்கும் இம்முடிவு பொருந்தாது. வரிசைக்கு வருவதையே தொழில் தீர்மானிப்பதால், தொழில் பற்றிய ஒப்பீட்டிலிருந்து முடிவு எதுவும் எடுக்கப்படவில்லை.'

இதில் மன்னிப்பு எங்கும் இல்லை. 'காலக் குறைவால்' என்ற சொல்லும் இல்லை. காலம் குறைவு என்பது மாணவியின் கஷ்டம், முடிவின் குறை அல்ல. படிப்பவருக்கு வேண்டியது இரண்டாவதுதான்.

இந்தப் பத்தியைக் கடைசி இயலில் மட்டும் வைத்தால் பாதி வேலைதான் முடிந்தது. 45 சதவீதம் என்று எழுதும் இடத்திலேயே 'வருகிறவர்களில்' என்ற சொல் ஒட்டியிருக்க வேண்டும். சுருக்கத்திலும் இருக்க வேண்டும், ஏனென்றால் பலர் அதை மட்டும்தான் படிக்கிறார்கள். தலைப்பில் 'மாவட்டத்தின் சர்க்கரை நோயாளிகளிடையே' என்று இருந்தால், 'அரசு மருத்துவமனைக்கு நேரில் வரும் சர்க்கரை நோயாளிகளிடையே' என்று மாற்ற முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். தலைப்பு பதிவாகிவிட்டது, மாற்ற வழியில்லை என்றால் முதல் இயலில் எல்லையைச் சொல்லிவிடுங்கள். வசதி மாதிரி மீது வரும் குற்றச்சாட்டுகளில் பாதி, உண்மையில் அகலமான தலைப்பின் மீது வர வேண்டியவை.

கடைசியாக ஒன்று, மாணவர்களுக்கு அல்ல, எதிரே அமர்ந்திருக்கும் தேர்வாளர்களுக்கு. "ஏன் சமவாய்ப்பு முறையில் எடுக்கவில்லை?" என்று கேட்பதை அடுத்த வைவாவில் விட்டுவிடுங்கள். பதில் உங்களுக்கே தெரியும். "யார் விடுபட்டார்கள், அவர்கள் வந்திருந்தால் உன் எண் எந்தப் பக்கம் நகர்ந்திருக்கும்?" என்று கேளுங்கள். இந்தக் கேள்வி வரும் என்று தெரிந்தால், அடுத்த ஆண்டு மாணவர்கள் மறுத்தவர்களை நோட்டில் குறித்துக்கொண்டு வருவார்கள்.